பிரதியிடல் முறையில் உட்சார்பைத் தேர்ந்தெடுப்பது: வகைக்கெழுவில் ஓர் எண் மட்டும் இடிக்கும்போது

தொகையிடலில் பிரதியிடல் முறையைத் தொடங்கும்போது முதலில் வரும் கணக்குகள் எல்லாம் அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்தும். ∫ 2x (x² + 1)⁵ dx என்று இருக்கும். x² + 1 என்பதை u என்று வைத்தால் அதன் வகைக்கெழு 2x அப்படியே பக்கத்தில் நிற்கும். எடுத்து du என்று எழுதிவிட்டு மேலே போய்விடலாம்.

அதற்கு அடுத்ததாக இப்படி ஒன்று வரும்:

∫ x² √(4x³ + 7) dx

4x³ + 7 என்பதன் வகைக்கெழு 12x². கணக்கில் இருப்பது x² மட்டும்தான். அந்த 12 இல்லையே, அப்படியானால் u = 4x³ + 7 என்று எடுப்பது தவறா? இல்லை, சரியான தேர்வுதான். இடிப்பது வெறும் எண் என்றால் தாராளமாக எடுக்கலாம். இடிப்பதில் x இருந்தால்தான் சிக்கல். இந்த இரண்டையும் கண்ணால் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிவது எப்படி, அந்த எண்ணை எந்த இடத்தில் எழுதுவது, எங்கே பிசகும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

எண்ணை விடலாம், x-ஐ விட முடியாது: ஏன்?

பிரதியிடல் என்பது சங்கிலி விதியைத் திருப்பிப் போடுவது. F என்ற சார்பின் வகைக்கெழு f என்றால், F(g(x)) என்பதன் வகைக்கெழு f(g(x)) · g′(x). ஆகவே f(g(x)) · g′(x) என்ற வடிவில் ஒரு கோவை கிடைத்தால் அதன் தொகை F(g(x)) + C என்று உடனே சொல்லிவிடலாம். இங்கே g(x) தான் உட்சார்பு. அதைத்தான் u என்று பெயர் மாற்றுகிறோம்.

இப்போது g′(x) என்பதற்குப் பதில் அதன் பன்னிரண்டில் ஒரு பங்குதான் கணக்கில் இருக்கிறது என்று வையுங்கள். மாறிலியைத் தொகைக் குறிக்கு வெளியே எடுக்கலாம் என்பது தொகையிடலின் அடிப்படை விதி: ∫ k·h(x) dx = k ∫ h(x) dx. எனவே 1/12-ஐ வெளியே எடுத்துவிட்டால் உள்ளே முழு g′(x) கிடைத்துவிடும். விடையும் F(g(x)) என்பதில் பன்னிரண்டில் ஒரு பங்காக வரும்.

x-க்கு இந்தச் சலுகை கிடையாது. x மாறிக்கொண்டே இருப்பது. ஓர் இடத்தில் அது 2, இன்னோர் இடத்தில் 5. அதைத் தொகைக் குறிக்கு வெளியே எடுத்தால், உள்ளே ஒவ்வொரு இடத்திலும் வேறுவேறு அளவில் பெருக்க வேண்டியதை வெளியே ஒரே அளவில் பெருக்கியதாக ஆகிவிடும். இந்த முறையில் தொடக்கத்தில் நேரும் பெரிய பிழை இதுதான். பின்னால் ஓர் எடுத்துக்காட்டோடு திரும்ப வருகிறேன்.

ஒரு வகுத்தல் போதும்

தேர்வு சரியா என்று ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம். நான்கு படிகள்:

1. எதற்குள் எது இருக்கிறது என்று பாருங்கள். வர்க்கமூலத்துக்குள் இருப்பது, அடுக்கு ஏறிய அடைப்புக்குள் இருப்பது, e-யின் அடுக்கில் இருப்பது, sin அல்லது cos-க்குள் இருப்பது, பின்னத்தின் பகுதியில் இருப்பது: இவைதாம் u ஆகத் தகுதியுள்ளவை.
2. அந்த u-வின் வகைக்கெழு u′ என்ன என்று எழுதுங்கள்.
3. கணக்கில் u இருக்கும் பகுதியைக் கையால் மறைத்துவிட்டு, மிச்சம் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.
4. மிச்சத்தை u′ ஆல் வகுங்கள். ஈவு வெறும் எண்ணாக வந்தால் தேர்வு சரி. அந்த எண்ணை k என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் தொகைக் குறிக்கு முன்னால் நிற்கப் போகிறது. ஈவில் x தங்கினால் அந்த u உடனடியாக உதவாது.

நம் கணக்கில் u = 4x³ + 7, u′ = 12x². √(4x³ + 7) என்பதை மறைத்தால் மிச்சம் x². x² ÷ 12x² = 1/12. எண் மட்டும்தான். எனவே k = 1/12.

எதை எதால் வகுக்கிறோம் என்பதை மனத்தில் உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள்: கணக்கில் இருப்பதை, இருக்க வேண்டியதால் வகுக்கிறோம். இதைத் தலைகீழாகச் செய்தால் 12 வந்துவிடும். அதன் பிறகு எல்லாப் படிகளும் ஒழுங்காக இருந்தாலும் விடை 144 மடங்கு பெரிதாகிவிடும்.

முழுக் கணக்கு

u = 4x³ + 7
du = 12x² dx

நம்மிடம் இருப்பது x² dx. ஆகவே இருபுறமும் 12-ஆல் வகுக்கிறோம்:

x² dx = (1/12) du

இந்த வரியைத் தாண்டிச் செல்லாமல் தனியாக எழுதுவது நல்லது. கணக்கில் உள்ள துண்டு எதுவோ அது இடப்பக்கம் அப்படியே இருக்க வேண்டும். வலப்பக்கத்தில் எண்ணும் du-வும் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. இப்போது இடத்தில் இடம் மாற்றுகிறோம்:

∫ x² √(4x³ + 7) dx = (1/12) ∫ u^(1/2) du

u^(1/2) என்பதன் தொகை (2/3) u^(3/2). ஆகவே

(1/12) · (2/3) · u^(3/2) + C = (1/18) u^(3/2) + C

கடைசியாக x-க்குத் திரும்ப வேண்டும்:

(1/18) (4x³ + 7)^(3/2) + C

சரிபார்க்க வகையிட்டுப் பாருங்கள். அடுக்கு 3/2 முன்னால் வரும், உட்சார்பிலிருந்து 12x² வரும்: (1/18) · (3/2) · 12x² · √(4x³ + 7). எண்களைப் பெருக்கினால் (1/18) · 18 = 1. தொடங்கிய கோவை திரும்பக் கிடைத்துவிட்டது.

C பற்றி ஒரு சொல். கறாராகப் பார்த்தால் (1/12)-ஐ அடைப்புக்கு வெளியே வைத்து உள்ளே C போட்டால் C/12 என்று வரும். C எந்த எண்ணாகவும் இருக்கலாம் என்பதால் C/12-ம் எந்த எண்ணாகவும் இருக்கலாம். எனவே கடைசி வரியில் ஒரு C போட்டால் போதும்; அதை 12-ஆல் வகுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சிலர் dx = du / (12x²) என்று எழுதி, கணக்கில் இட்டு, x²-ஐ அடித்துவிடுவார்கள். இதுவும் சரியான வழிதான். x² முழுவதும் அடிபடுகிறதா இல்லையா என்பது கண்ணெதிரே தெரியும் என்ற வசதியும் உண்டு. ஆனால் அடிபடாமல் x தங்கிவிட்டால், ஒரே தொகைக்குள் x-ம் u-வும் கலந்து நிற்கும். அந்தக் கலப்படத்தோடு மேற்கொண்டு தொகையிடப் போவது ஆபத்து. அதனால் புதிதாகக் கற்பவர்களுக்கு x² dx = (1/12) du என்ற வடிவத்தையே பரிந்துரைப்பேன். அது x தங்கும் தேர்வை அந்த வரியிலேயே நிறுத்திவிடும்.

உட்சார்பை எதுவரை எடுப்பது?

அதே கணக்கில் u = 4x³ என்று மட்டும் எடுத்தால் என்ன? வகைக்கெழு அதே 12x², k-யும் அதே 1/12. ஆனால் மிஞ்சுவது (1/12) ∫ √(u + 7) du. தவறில்லை, இன்னொரு முறை u + 7-ஐ வேறு எழுத்தாக மாற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான். மாறிலியை வகையிட்டால் பூச்சியம் என்பதால், +7-ஐ u-வுக்குள் சேர்த்துக்கொள்வதில் நமக்கு எந்தச் செலவும் இல்லை. ஆகவே உள்ளே கூட்டியோ கழித்தோ இருக்கும் எண்ணை எப்போதும் u-வுக்குள் சேர்த்தே எடுங்கள்.

வேண்டுமானால் மூலத்தையும் சேர்த்து u = √(4x³ + 7) என்றும் எடுக்கலாம். அப்போது u² = 4x³ + 7, இருபுறமும் வகையிட்டால் 2u du = 12x² dx, அதாவது x² dx = (1/6) u du. தொகை (1/6) ∫ u² du = u³/18. விடை அதேதான். எண் காரணி 1/12-க்குப் பதில் 1/6 ஆனதைக் கவனியுங்கள்: k என்பது கணக்குக்கு உரிய எண் அல்ல, நீங்கள் எடுத்த u-வுக்கு உரியது. இருவர் ஒரே கணக்கைச் செய்யும்போது இடையில் வரும் எண்கள் ஒத்துப்போகவில்லை என்றால் பதற வேண்டாம். இறுதி விடையை ஒப்பிடுங்கள்.

ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அடுக்கு இருக்கும்போது தேர்வு இன்னும் சுவையானது:

∫ x cos(3x²) sin⁴(3x²) dx

இங்கே முதலில் கண்ணில் படுவது 3x². u = 3x² என்றால் u′ = 6x, மிச்சத்தில் உள்ள x-ஐ வகுத்தால் 1/6. எண் வந்துவிட்டது, தேர்வு செல்லும். ஆனால் கிடைப்பது (1/6) ∫ cos u sin⁴u du. இதற்கு மீண்டும் ஒரு பிரதியிடல் தேவை. அதற்குப் பதில் u = sin(3x²) என்று வெளியே ஓர் அடுக்கு தள்ளி எடுத்தால், u′ = 6x cos(3x²). u⁴-ஐ மறைத்தபின் மிச்சம் x cos(3x²). வகுத்தால் அதே 1/6. இப்போது கிடைப்பது (1/6) ∫ u⁴ du = u⁵/30. விடை (1/30) sin⁵(3x²) + C. ஒரே பிரதியிடலில் முடிந்தது.

ஆகவே இரண்டு தேர்வுகள் சோதனையில் தேறினால், மிச்சத்தில் அதிகத்தைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும் u-வை எடுங்கள். அதற்காக அடுக்கையும் சேர்த்து u = sin⁴(3x²) என்று போகக் கூடாது; அப்போது u′-இல் sin³ வந்துவிடும், கணக்கில் அதற்கு இணை இல்லை.

பல உறுப்புகள் இருக்கும்போது

u′-இல் ஓர் உறுப்பு மட்டும் இருந்தால் வகுத்தல் எளிது. இரண்டு மூன்று உறுப்புகள் இருந்தால், ஒவ்வோர் உறுப்பின் விகிதமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

∫ (x² + 2x) / (x³ + 3x² + 4)³ dx

u = x³ + 3x² + 4, u′ = 3x² + 6x. x² உறுப்புகளின் விகிதம் 1/3. x உறுப்புகளின் விகிதம் 2/6, அதுவும் 1/3. இரண்டும் ஒன்று என்பதால் k = 1/3, கணக்கு (1/3) ∫ u⁻³ du ஆகிறது. விடை −1 / (6(x³ + 3x² + 4)²) + C.

தொகுதியில் x² + x என்று இருந்திருந்தால்? முதல் விகிதம் 1/3, அடுத்தது 1/6. ஒத்துப்போகவில்லை. பார்வைக்கு இரண்டு கணக்கும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். ஆனால் இரண்டாவது இந்த வழியில் மசியாது. முதல் உறுப்பை மட்டும் பார்த்துவிட்டு 1/3 என்று எழுதிவிடும் பழக்கம் இங்கேதான் காலை வாரும். u′-இலிருந்து பொதுக் காரணியை வெளியே எடுத்து 3(x² + 2x) என்று எழுதிப் பார்த்தால், அடைப்புக்குள் இருப்பது தொகுதியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று உடனே தெரிந்துவிடும்.

குறை எண்ணும் பின்ன எண்ணும்

k எப்போதும் 1/12 போன்ற நேர்ப் பின்னமாகத்தான் வரும் என்பதில்லை.

∫ x / (5 − 3x²)² dx

u = 5 − 3x², u′ = −6x, k = x ÷ (−6x) = −1/6. ஆகவே −(1/6) ∫ u⁻² du. u⁻² என்பதன் தொகை −u⁻¹. இரண்டு குறைக் குறிகளும் சேர்ந்து நேர்க் குறியாகின்றன: 1 / (6(5 − 3x²)) + C. ஒரு குறை u′-இலிருந்து வந்தது, இன்னொன்று அடுக்கைத் தொகையிட்டதிலிருந்து வந்தது. இரண்டையும் மனக்கணக்காகச் செய்தால் ஒன்று காணாமல் போவது வழக்கம். k-யின் குறியைத் தொகைக் குறிக்கு முன்னால் எழுதி முடித்துவிட்டு, அதன்பிறகு உள்ளே தொகையிடுங்கள்.

∫ e^(−x/4) dx இல் மறைத்தபின் மிஞ்சுவது 1. u = −x/4, u′ = −1/4. 1 ÷ (−1/4) = −4. ஆகவே விடை −4 e^(−x/4) + C. இங்கே பலர் −1/4 என்று எழுதிவிடுவார்கள். k என்பது எப்போதும் பின்னமாகத்தான் இருக்கும் என்று கை பழகிப்போனதுதான் காரணம். வகுத்தலைச் செய்து பார்த்தால் இந்தக் குழப்பமே வராது. உட்சார்பு மெல்ல மாறினால் k பெரிது, வேகமாக மாறினால் k சிறிது.

எண்ணுக்குப் பதில் எழுத்து இருந்தாலும் முறை அதேதான். ∫ x e^(−ax²) dx இல் a ஒரு மாறிலி; k = −1/(2a), விடை −(1/(2a)) e^(−ax²) + C. இது a பூச்சியமாக இல்லாதபோது மட்டும் பொருந்தும்; அந்த நிபந்தனையை ஓரத்தில் எழுதிவையுங்கள்.

ஒரு சின்ன பொறியையும் சொல்லிவிட வேண்டும். ∫ ln(5x)/x dx என்ற கணக்கில் u = ln(5x) என்று எடுத்ததும், உள்ளே 5 இருக்கிறதே என்று 1/5-ஐ முன்னால் போடத் தோன்றும். ஆனால் ln(5x) என்பதன் வகைக்கெழு 5/(5x) = 1/x. 5 அடிபட்டுவிட்டது. ln(5x) = ln 5 + ln x என்று பிரித்தாலும் இது புரியும். மிச்சமும் 1/x என்பதால் k = 1; விடை (1/2)(ln(5x))² + C. அதாவது k-யை உட்சார்பில் தெரியும் கெழுவைப் பார்த்து எழுதக் கூடாது. u′-ஐக் கண்டுபிடித்து வகுத்த பிறகே எழுத வேண்டும்.

x தங்கிவிட்டால்

∫ e^(x²) dx இல் u = x², u′ = 2x. மிச்சம் 1. வகுத்தால் 1/(2x). x தங்கிவிட்டது. இங்கே நிறுத்த வேண்டும். ஆனால் ∫ e^(7x) dx = e^(7x)/7 என்று முந்தைய கணக்குகளில் உள்ளே இருப்பதன் வகைக்கெழுவால் வகுத்துப் பழகியவர்கள், அதே வேகத்தில் e^(x²)/(2x) என்று எழுதிவிடுகிறார்கள். வகையிட்டுப் பாருங்கள். வகுத்தல் விதிப்படி

e^(x²) − e^(x²)/(2x²)

வருகிறது. முதல் உறுப்பு வேண்டியதுதான், இரண்டாவது வேண்டாதது. பகுதியில் இருக்கும் 2x-ம் x-உடன் மாறுவதால் அதையும் வகையிட வேண்டியிருக்கிறது. அதனால்தான் அந்த இரண்டாவது உறுப்பு முளைக்கிறது. அங்கே 7 இருந்தபோது அதை வகையிட்டால் பூச்சியம்; தொல்லை இல்லை. உள்ளே இருப்பதன் வகைக்கெழுவால் வகுத்துவிடு என்ற குறுக்குவழி, உட்சார்பு ax + b என்ற ஒருபடிக் கோவையாகவும் வெளியே வேறு x இல்லாமலும் இருக்கும்போது மட்டுமே செல்லும். e^(x²)-க்குப் பல்லுறுப்புக் கோவை, அடுக்கு, மடக்கை, முக்கோணவியல் சார்புகளைக் கொண்டு எழுதக்கூடிய தொகையே கிடையாது என்பது நிறுவப்பட்ட உண்மை. எந்த u-வைத் தேடினாலும் கிடைக்காது. பக்கத்தில் ஒரு x மட்டும் வந்து ∫ x e^(x²) dx ஆகிவிட்டால் k = 1/2, ஒரே வரியில் முடியும்.

x தங்கினால் எல்லாமே வீண் என்றும் இல்லை. ∫ x³ √(x² + 1) dx இல் u = x² + 1, ஈவு x³ ÷ 2x = x²/2. அந்த x²-ஐ u − 1 என்று மாற்றி எழுத முடிவதால் (1/2) ∫ (u − 1) √u du என்று கணக்கு நகரும். இது எண் காரணிக் கணக்கு அல்ல, வேறு உத்தி. தங்கிய x-ஐ முழுவதும் u-வாக மாற்ற முடிகிறதா என்று பார்க்காமல் மேலே செல்லக் கூடாது.

தவறு எங்கே என்று விடையே சொல்லும்

வகையிட்டுச் சரிபார்க்கும்போது தொடங்கிய கோவை வரவில்லை என்றால், முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. வந்ததை, வர வேண்டியதால் வகுத்துப் பாருங்கள். அந்த விகிதம் எந்தப் படியில் சறுக்கினீர்கள் என்று காட்டிக்கொடுக்கும். ∫ x² √(4x³ + 7) dx கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

விகிதம் 12 என்று வந்தால், k-யை எழுதவே மறந்துவிட்டீர்கள். விடை (2/3)(4x³ + 7)^(3/2) என்று இருக்கும். 144 என்று வந்தால், 1/12-க்குப் பதில் 12-ஆல் பெருக்கியிருக்கிறீர்கள்; விடை 8(4x³ + 7)^(3/2) என்று இருக்கும். 3/2 வந்தால், k சரி, அடுக்கைத் தொகையிடும்போது 2/3-ஐ விட்டுவிட்டீர்கள். 9/4 வந்தால், 2/3-க்குப் பதில் 3/2 போட்டிருக்கிறீர்கள். −1 வந்தால் எங்கோ ஒரு குறை தொலைந்திருக்கிறது. இவை எல்லாமே எண்கள் என்பதால், u-வின் தேர்வு சரி என்றும் அர்த்தம். விடையை அந்த விகிதத்தால் வகுத்தால் போதும், சரியாகிவிடும்.

விகிதத்தில் x இருந்தால் கதை வேறு. மேலே பார்த்த e^(x²)/(2x) என்ற தவறான விடைக்கு விகிதம் 1 − 1/(2x²). x = 1 என்று இட்டால் 1/2; x = 2 என்று இட்டால் 7/8. இடத்துக்கு இடம் மாறுகிறது. எந்த எண்ணால் பெருக்கினாலும் இது சரியாகாது. கோவைகளைச் சுருக்க நேரமில்லாமல் எண்களை இட்டுச் சரிபார்ப்பவர்கள் ஓர் இடத்தோடு நிறுத்திவிடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். x = 1 இல் மட்டும் பார்த்திருந்தால், இரண்டால் பெருக்கினால் சரியாகிவிடும் என்று தோன்றியிருக்கும். குறைந்தது இரண்டு இடங்களில் பாருங்கள். x = 0 வேண்டாம்; பல கணக்குகளில் இரண்டு பக்கமும் பூச்சியமாகி எதுவும் தெரியாமல் போகும்.

பாடநூலின் விடையோடு ஒப்பிடும்போது ஒரு வேறுபாடு மட்டும் பிழையல்ல. ∫ x²(x³ + 5) dx கணக்கை u = x³ + 5 என்று செய்தால் (1/6)(x³ + 5)² + C. அடைப்பைப் பிரித்துப் பெருக்கிச் செய்தால் x⁶/6 + 5x³/3 + C. முதலாவதை விரித்தால் இரண்டாவதும் கூடவே 25/6-ம் வரும். அந்த 25/6 வெறும் மாறிலி, C-க்குள் அடங்கிவிடும். விடைகள் ஓர் எண்ணைக் கூட்டுவதில் வேறுபட்டால் சரி. ஓர் எண்ணால் பெருக்குவதில் வேறுபட்டால் பிழை.

எல்லைகள் கொடுத்திருந்தால்

x = 0 முதல் x = 1 வரை x √(1 + 8x²) என்பதன் வரையறுத்த தொகை வேண்டும். u = 1 + 8x², u′ = 16x, k = 1/16. மாறி u-வுக்கு மாறிவிட்டதால் எல்லைகளும் u-வின் எல்லைகளாக மாற வேண்டும். x = 0 எனில் u = 1; x = 1 எனில் u = 9. ஆகவே

(1/16) · (2/3) · (9^(3/2) − 1^(3/2)) = (1/24)(27 − 1) = 26/24 = 13/12

பழைய 0, 1 எல்லைகளையே u-வில் இட்டால் 1/24 என்று வரும். அது தவறு என்பதை ஒரு தோராயக் கணக்கே சொல்லிவிடும்: சார்பு x = 0.5 இல் சுமார் 0.87, x = 1 இல் 3. இப்படி ஏறும் வளைவின் கீழ் உள்ள பரப்பு 0.04 ஆக இருக்க வழியே இல்லை. 1-ஐ ஒட்டித்தான் இருக்கும். 13/12 என்பது சுமார் 1.083.

இங்கே இன்னொரு தடுமாற்றமும் நேர்கிறது: k-யால் எல்லைகளையும் பெருக்கிவிடுவது. எல்லைக்கும் k-க்கும் தொடர்பில்லை. எல்லையை u-வின் சூத்திரத்தில் x-ஐ இட்டுக் கண்டுபிடிக்கிறோம். k-யை வகைக்கெழுவிலிருந்து கண்டுபிடிக்கிறோம். u′ குறை எண்ணாக இருந்தால் கீழ் எல்லை மேல் எல்லையைவிடப் பெரிதாக வரும்; அப்படியே விட்டுவிட்டுச் செய்தால் விடை சரியாகவே வரும். எல்லைகளை இடம் மாற்றினால் முன்னால் ஒரு குறைக் குறி சேர்க்க வேண்டும். இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். இடத்தை மட்டும் மாற்றிவிட்டுக் குறியை விட்டுவிடாதீர்கள்.

கையோடு செய்து பார்க்க நான்கு

முதலில் k-யை மட்டும் கண்டுபிடியுங்கள், பிறகு தொகையிடுங்கள்.

∫ x⁴ / (2 − x⁵)³ dx
∫ cos(√x) / √x dx
∫ sec²(x/3) dx
∫ x² e^(5x²) dx

முதலாவதில் u = 2 − x⁵, k = −1/5, விடை 1 / (10(2 − x⁵)²) + C. இரண்டாவதில் u = √x; அதன் வகைக்கெழு 1/(2√x) என்பதால் k = 2, விடை 2 sin(√x) + C. மூன்றாவதில் k = 3, விடை 3 tan(x/3) + C. நான்காவதில் u = 5x² என்று எடுத்தால் ஈவு x/10; x தங்குகிறது. ஒரு x குறைந்திருந்தால் k = 1/10 என்று முடிந்திருக்கும். இருக்கும் நிலையில் இது எண் காரணிக் கணக்கு அல்ல.